துவைக்கும் முறையும் நெய்த இடமும்: ஒரு கைத்தறிப் பருத்திச் சேலைக்குக் கேப்ஷன் எழுதுவது

"கைத்தறிப் பருத்திச் சேலைகள் விற்கும் சிறிய பிராண்ட் எங்களுடையது. துணி எங்கே, எப்படி நெய்யப்பட்டது, அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதை விளக்கும் கேப்ஷன்களும் ஹேஷ்டேக்குகளும் இன்ஸ்டாகிராமுக்கு வேண்டும். எப்படி எழுதலாம்?"

பெரும்பாலான கைத்தறிப் பக்கங்களில் இந்த இரண்டு செய்திகளும் தனித்தனியாகவே எழுதப்படுகின்றன. ஒரு பதிவில் நெசவாளரின் கைகளைப் பற்றி நான்கு வரிகள் இருக்கும். வேறொரு பதிவில் "தனியாகத் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்" என்ற இரண்டு கட்டளைகள் இருக்கும். முதலாவதைப் படிப்பவர் ரசித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டாவதைப் படிப்பவர் எல்லாத் துணிக்கும் எழுதியிருப்பதுதானே என்று தாண்டிவிடுவார். என் அனுபவத்தில் நிலைத்துப் பயன் தந்தவை, இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிய கேப்ஷன்களே. துணிக்கு நாம் சொல்லும் ஒவ்வொரு பராமரிப்புக் குறிப்புக்கும் காரணம், சாயப் பட்டறையிலோ தறியிலோ அந்தத் துணிக்கு நடந்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டுக் குறிப்பைச் சொன்னால், துணி பிறந்த கதையும் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் இப்படி எழுத ஒரு முன்வேலை உண்டு. காரணம் சொல்லும் கேப்ஷன் உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலில், இறங்கிய துணியை நீங்களே ஒருமுறை துவைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சேலையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன். செங்கல் சிவப்பும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட சேலை என்று வைத்துக்கொள்வோம். பாவும், குறுக்கே ஓடும் ஊடையும் 80-ஆம் எண் ஒற்றை நூல். சிவப்பு நூல் மட்டும் சாயம் ஏற்றியது. நெசவாளரிடம் கேட்டால், பாவின் முடிவில் முக்கால் மீட்டர் துணியைக் கூடுதலாக நெய்து தருவார். அந்தத் துண்டுதான் உங்கள் கேப்ஷன்களுக்கு மூலப்பொருள்.

முதல் சோதனை சாயத்துக்கானது. துண்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவு வெட்டி, அதே அளவுள்ள சாயமேறாத வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் வைத்து ஒரு பக்கம் தைத்துவிடுங்கள். வீட்டில் துவைக்கும் சோப்புத் தூளைக் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போட்டு, இடையிடையே கையால் அலசி, பின் நல்ல நீரில் கழுவி, இரண்டு துணிகளும் ஒன்றையொன்று தொடாதபடி விரித்து உலர்த்துங்கள். இப்போது நீரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த வெள்ளைத் துணியைப் பாருங்கள். நீர் சிவந்திருந்தும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால், நூலின்மேல் தங்கியிருந்த உபரிச் சாயம் வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூன்று சலவையில் நின்றுவிடும். வெள்ளைத் துணியிலும் சிவப்பு படிந்திருந்தால் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் உங்கள் சேலையிலேயே வெள்ளைக் கட்டம் இருக்கிறது. அதே துண்டின் வேறொரு மூலையை, ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். அதில் நிறம் ஒட்டினால், வியர்வையிலும் உரசலிலும் ஒட்டும் என்று பொருள்.

இங்கே, கைத்தறிப் பதிவுகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: "முதல் முறை கல் உப்பு கரைத்த நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும்." ஒரு பிராண்டுக்காக இதை நானும் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதன்படி செய்த ஒருவர், மூன்றாம் சலவையில் வெள்ளை முந்தி இளஞ்சிவப்பாகிவிட்ட சேலையைப் படமெடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகே சாயக்காரர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். இன்று பருத்தி நூலுக்குப் பெரும்பாலும் ஏற்றப்படுவது ரியாக்டிவ் சாயம். சாயத் தொட்டியில் உப்பு போடுவது, நீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்கு. நூலோடு அதைப் பிணைப்பது அதன்பின் சேர்க்கும் சோடா. பிணையாமல் எஞ்சிய சாயத்தைச் சாயப் பட்டறையிலேயே கொதிநீரில் சோப்புப் போட்டு அலசி எடுத்துவிட வேண்டும். அந்த அலசலைச் சுருக்கமாக முடித்துவிட்ட நூல்தான் நம் வீட்டு வாளியில் நிறம் விடுகிறது. அந்த வாளியில் உப்பைப் போட்டால், பிணையாத சாயத்தை அந்த ஒரு முறைக்கு நூலிலேயே தங்க வைக்கிறது. நீர் தெளிவாகத் தெரியும், வேலை முடிந்தது என்று தோன்றும், அடுத்த சலவையில் அதே சாயம் வெளியே வரும். அது உள்ளே இருக்கக் கூடாது. வெளியே போக வேண்டியது. ஆகவே உப்பு வரியை உங்கள் கேப்ஷன்களிலிருந்து எடுத்துவிட்டு, இப்படி எழுதலாம்:

"முதல் சலவையில் நீர் சிவக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் ஊறவைக்கவும் வேண்டாம். சாயத் தொட்டியில் நூலோடு பிணையாமல் மேலே தங்கிய சிவப்பு இது. குளிர்ந்த நீரில் தனியாக, சிறிது சோப்புடன் ஐந்து நிமிடத்தில் அலசி, நீர் தெளியும் வரை கழுவி, உடனே விரித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்து வாளியில் வைத்துவிட்டால் மட்டும், அருகிலுள்ள வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு ஏறிவிடும். மூன்றாம் சலவைக்குப் பின் நிறம் விடாது என்று இதே பாவில் நெய்த துண்டைத் துவைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறோம்."

இந்தக் கேப்ஷனின் உயிர் "ஈரத்தோடு மடித்து வைத்துவிட்டால்" என்ற இடத்தில் இருக்கிறது. பிழிந்த துணியை அப்படியே சுருட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுவதால்தான் கட்டம் போட்ட சேலைகள் பெரும்பாலும் கெடுகின்றன. துவைக்கும்போது கெடுவது குறைவு. "தனியாகத் துவைக்கவும்" என்ற பொதுவான கட்டளை இந்த ஆபத்தைச் சொல்வதே இல்லை. கடைசி வாக்கியம் உங்கள் சோதனையைப் பொறுத்தது. மூன்றாம் சலவையிலும் துணித்துண்டு நிறம் விட்டால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். அந்த நூல் டைரக்ட் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். அது நூலோடு வலுவாகப் பிணைவதில்லை. ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படியானால் "இந்தச் சிவப்பை எப்போதும் தனியாகவே துவையுங்கள்" என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே வாங்கியவருக்குச் செய்யும் நன்மை.

நீலம் விற்பவர்களுக்கு இந்த இடத்திலேயே ஒரு வரி. அவுரி நீலம் சலவைக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அது நூலின் மேற்பரப்பை ஒட்டியே தங்குவதால் உரசலில் வரும். "முதல் சில முறை உடுத்தும்போது வெளிர் நிறக் கைப்பையோ உள்ளாடையோ நீலமாகலாம்" என்று சொல்ல வேண்டிய துணி அது. சிவப்புச் சேலைக்கு எழுதியதை அதற்கு அப்படியே நகலெடுத்தால் தவறாகிவிடும். மஞ்சளால் சாயமேற்றிய துணியோ முற்றிலும் வேறு வகை: காரமான சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். இயற்கைச் சாயம் என்ற ஒரே சொல்லின்கீழ் இவை எல்லாவற்றுக்கும் ஒரே கேப்ஷன் போட முடியாது.

இரண்டாவது சோதனை சுருக்கத்துக்கானது. மீதமுள்ள துண்டில் பாவு வாக்கில் சரியாக 50 செ.மீ., ஊடை வாக்கில் 50 செ.மீ. என்று வண்ண நூலால் தையலிட்டுக் குறியுங்கள். அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, அலசி, தொங்கவிடாமல் தட்டையாக விரித்து உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள். பாவு வாக்கில் 48 செ.மீ., ஊடை வாக்கில் 49 செ.மீ. வந்தது என்று கொள்வோம். நீளத்தில் 4 சதவீதம், அகலத்தில் 2 சதவீதம் குறைந்திருக்கிறது. நீளத்தில் கூடுதலாகக் குறைவதற்குக் காரணம் தறியில் இருக்கிறது: நெசவு முடியும் வரை பாவு நூல் இழுவிசையிலேயே இருக்கிறது, நீர் பட்டதும் அந்த நூல் தன் இயல்பான நிலைக்குத் தளர்கிறது. தறியிலிருந்து இறக்கியதும் இயந்திரத்தில் சுருக்கி முடிக்கப்படாத துணி என்பதால் அந்தத் தளர்வு வாங்கியவர் வீட்டில் நடக்கிறது. 5.75 மீட்டர் நெய்த சேலையில் 4 சதவீதம் என்பது 23 செ.மீ.; சலவைக்குப் பின் 5.52 மீட்டர் இருக்கும். இதைக் கேப்ஷனாக்கினால்:

"இந்தச் சேலை உங்களிடம் வரும்போது 5.75 மீட்டர்; முதல் சலவைக்குப் பின் 5.5 மீட்டர். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நீரில் தளர்வதால் ஒரு சாண் அளவு உள்வாங்கும். அதற்காகவே அந்தச் சாணைச் சேர்த்து நெய்யச் சொன்னோம். ஃபால்ஸ் தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் கரை மட்டும் சுருங்காமல் நின்று துணி சுருக்கம் சுருக்கமாக இழுக்கும்."

உங்கள் சேலை 5.5 மீட்டர்தான் நெய்யப்பட்டது என்றால் கணக்கை மாற்றி, சலவைக்குப் பின் 5.28 மீட்டர் இருக்கும் என்று எழுதுங்கள். வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டவர் திருப்பி அனுப்புவதில்லை. சட்டைத் துணியாக வெட்டி விற்பவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம். தைப்பதற்கு முன் நனைக்கச் சொல்லாத ஒரு கேப்ஷனால் தைத்த சட்டை வீணாகும்.

மூன்றாவது விஷயம் கஞ்சி. இது சோதனையை விடக் கண்ணால் பார்த்து எழுத வேண்டியது. பாவு நூல் தறியின் அச்சுக்குள்ளும் விழுதுக்குள்ளும் ஆயிரக்கணக்கான முறை உரசிப் போக வேண்டியிருப்பதால், நெய்வதற்கு முன் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி ஏற்றி, தூரிகையால் நீவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துகிறார்கள். புதுச் சேலை விறைப்பாக நிற்பதும், மடித்த இடத்தில் மடிப்பு கத்தி போல் விழுவதும் அந்தக் கஞ்சியால்தான். வாங்கியவரோ "துணி முரடாக இருக்கிறதே" என்று எழுதுவார். இப்படி ஒரு பதிவு போட்டுவிடலாம்:

"புதிதில் தொட்டால் விறைப்பாக இருக்கும். பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்க ஏற்றிய கஞ்சி அது. இரண்டு மூன்று சலவையில் கரைந்துவிடும். அப்போதுதான் இந்த நூலின் உண்மையான மென்மை கைக்குத் தெரியும். விறைப்பு பிடித்திருந்தால் கடைசி அலசலில் மெல்லிய கஞ்சி போட்டுக்கொள்ளுங்கள். பல மாதம் எடுத்து வைப்பதாக இருந்தால் மட்டும் கஞ்சி இல்லாமல் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி உணவு."

உலர்த்துவது, இஸ்திரி போடுவது ஆகியவற்றுக்குத் தனிப் பதிவுகள் தேவையில்லை. நிழலில் உலர்த்துவது சாயத்துக்காக, சற்று ஈரம் இருக்கும்போதே உட்புறம் இஸ்திரி போடுவது பருத்திச் சுருக்கம் எளிதில் நீங்குவதற்காக என்று ஒவ்வொரு வாக்கியம் போதும். ஆனால் சாயமேறாத, வெளுக்காத பழுப்பு வெள்ளைத் துணி விற்றால் அதற்கு மட்டும் ஒரு குறிப்பு சேருங்கள்: பல சோப்புத் தூள்களில் வெள்ளையைப் பளிச்சிடச் செய்யும் பொருள் கலந்திருக்கும், அது அந்தப் பருத்தியின் இயல்பான பழுப்பை நீலம் கலந்த வெள்ளையாக்கிவிடும். அது கறையல்ல, துவைத்தும் எளிதில் போகாது. "வெள்ளைக்கென்று விற்கும் சோப்பைத் தவிருங்கள்" என்ற ஒரு வரி போதும்.

இனி, துணி பிறந்த இடம். "எங்கே நெய்தது" என்ற கேள்விக்கு உண்மையில் நான்கு பதில்கள் இருக்கின்றன: பருத்தி விளைந்த இடம், நூற்ற இடம், சாயமேற்றிய இடம், நெய்த இடம். ஒரே சேலைக்கு இவை நான்கும் நான்கு ஊர்களாக இருப்பது சாதாரணம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது கடைசி இரண்டு மட்டும் என்றால் அந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். "எங்கள் மண்ணின் பருத்தி" என்று தொடங்கிவிட்டு, எந்த மண் என்று ஒருவர் கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்பதைவிட, "சிட்டமாக வாங்கிய மில் நூல், சாயம் ஏற்றியதும் நெய்ததும் ஒரே ஊரில்" என்ற வாக்கியம் அதிகம் நம்பப்படும்.

நூலைப் பற்றிப் பேசும்போது எண்ணை விளக்குங்கள், வெறுமனே குறிப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். 80-ஆம் எண் என்றால், ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் 80 கிடைக்கும் அளவுக்கு மெல்லிய நூல். கணக்குப் போட்டால் 67,200 கெஜம், அதாவது 61 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதிலிருந்து ஒரு நல்ல கேப்ஷன் பிறக்கிறது:

"இந்தச் சேலையின் நூலில் அரைக் கிலோவுக்கும் குறைவாக எடுத்து நீட்டினால் 61 கிலோமீட்டர் போகும். 80-ஆம் எண் என்று நாங்கள் எழுதுவதன் பொருள் அதுதான்: எண் கூடக்கூட நூல் மெலியும். இவ்வளவு மெல்லிய நூலை முறுக்கிப் பிழியாதீர்கள். இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் அழுத்தி நீரை வடியவிட்டால் போதும்."

இரண்டு இழை முறுக்கிய நூலாக இருந்தால் நீளம் பாதியாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எண்ணைத் திருத்துங்கள். கேப்ஷனை எழுதுவதற்கு முன் நெசவாளரிடம் ஒற்றையா இரட்டையா என்று கேட்டுவிடுவது நல்லது.

கைத்தறி என்பதற்கான சான்றையும் துணியிலேயே காட்டலாம். சேலையின் கரையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணியின் அகலம் உள்வாங்காமல் இருக்க, இரு முனையிலும் ஊசிகள் பதித்த ஒரு கோலால் கரைகளை இழுத்துப் பிடித்திருப்பார்கள். நெசவு நகர நகர அந்தக் கோலையும் நகர்த்துவார்கள். அதன் ஊசிகள் குத்திய சிறு துளைகள் இரு கரையிலும் சீரற்ற இடைவெளியில் தெரியும். வாங்கியவர் இதைப் பூச்சி அரித்த ஓட்டை என்று நினைத்துப் புகார் செய்வது உண்டு. கரையை மிக அருகில் படமெடுத்து இந்தக் கேப்ஷனைப் போடுங்கள்:

"கரையில் தெரியும் இந்தச் சிறு துளைகள் ஓட்டைகள் அல்ல. தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடித்த கோலின் ஊசி பதிந்த இடங்கள். துளை விட்டு துளை உள்ள தூரம் சமமாக இருக்காது, ஏனென்றால் கோலை நகர்த்தியது ஒரு கை. துவைக்கத் துவைக்க நூல் தளர்ந்து பெரும்பாலானவை மூடிக்கொள்ளும்."

துளை இருந்தாலே கைத்தறி, இல்லாவிட்டால் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். விசைத்தறியிலும் கரையைப் பிடிக்கும் கருவி தடம் பதிப்பதுண்டு. துளை ஒரு அடையாளம் மட்டுமே. உறுதியான சான்று வேண்டுமானால், இந்தியாவில் 2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரை லேபிளை வாங்கித் துணியில் இணைத்து, அதையும் படத்தில் காட்டலாம்.

ஊரின் பெயரைப் பயன்படுத்துவதில் இன்னொரு கவனம் தேவை. கண்டாங்கிச் சேலை 2019-இலும், நெகமம் பருத்திச் சேலை 2023-இலும் புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள். அந்தப் பகுதியில் நெய்யாத துணிக்கு அந்தப் பெயரை இடுவது புவிசார் குறியீடுகளுக்கான 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை மீறலாகும். கேப்ஷனில் எழுதினாலும் ஹேஷ்டேக்கில் எழுதினாலும் துணியின் பிறப்பிடத்தைச் சொல்வதாகவே அது படிக்கப்படும். கட்டமும் நிறமும் கண்டாங்கியை ஒத்திருந்து, நெய்தது வேறு ஊரானால், "பெரிய கட்டம் போட்ட பருத்திச் சேலை" என்று எழுதி உண்மையான ஊரைச் சொல்லுங்கள். அந்த ஊர் நெசவாளருக்கு உரிய பெயர் அவருக்குப் போய்ச் சேரும்.

இதே தவறு ஹேஷ்டேக்கில் இன்னும் எளிதாக நடக்கும் இடம் #கதர், #khadi என்பவை. கதர் என்றால் கையால் நூற்று, கையால் நெய்த துணி. மில் நூலில் கைத்தறியில் நெய்தது கைத்தறித் துணியே தவிர கதர் ஆகாது. கதர் என்ற பெயரில் விற்க, 2013-இல் வந்த கதர் முத்திரை விதிமுறைகளின்படி அந்த முத்திரையும் வேண்டும். பலர் அதிகம் பேர் தேடுகிறார்கள் என்பதற்காக இந்தக் குறியைச் சேர்த்துவிடுகிறார்கள். #organiccotton, #naturaldye ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான்: வாங்கியவர் சான்றைக் கேட்டால் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டு, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எத்தனை ஹேஷ்டேக் என்ற கேள்விக்கு, இன்ஸ்டாகிராமே 2021-இல் படைப்பாளர்களிடம் மூன்று முதல் ஐந்து போதும் என்று சொல்லியிருக்கிறது. நம் சிவப்புக் கட்டச் சேலையின் சாயப் பதிவுக்கு நான் போடுவது இவை: #கைத்தறி #பருத்திச்சேலை #கைத்தறிபராமரிப்பு #handloomcotton, இவற்றோடு உங்கள் பிராண்டின் பெயரும் "சலவை" என்ற சொல்லும் சேர்ந்த ஒரு சொந்தக் குறி. முதல் மூன்று தமிழில் தேடுபவருக்கு. நான்காவது தமிழ் படிக்காமல் துணியை விரும்புபவருக்கு. ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, ஏனென்றால் வாங்கிய பிறகு சந்தேகம் வரும் ஒருவர் அந்தக் குறியைத் தொட்டால் உங்கள் பராமரிப்புப் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பார்சலில் வைக்கும் சீட்டிலும் அந்தக் குறியை அச்சிட்டுவிடலாம். கரைத் துளைப் பதிவுக்கும் நூல் எண் பதிவுக்கும் #கைத்தறிபராமரிப்பு என்பதை எடுத்துவிட்டு #கைத்தறிநெசவு போடலாம். சொந்தக் குறியிலும் "சலவை" இடத்தில் "தறி" வரலாம்.

தமிழ் ஹேஷ்டேக்கில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஒற்று மிகுந்தால் ஒரு குறி, மிகாவிட்டால் வேறு குறி: #பருத்திச்சேலை என்பதும் #பருத்திசேலை என்பதும் இன்ஸ்டாகிராமுக்கு இரு வேறு சொற்கள். பொதுக் குறியில் எதை அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். சொந்தக் குறியிலோ ஒரு எழுத்து வடிவத்தை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். அடுத்து, நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், வாக்கியத்துக்கு நடுவில் குறியைச் செருகினால் #கைத்தறியில், #கைத்தறியின் என்று யாரும் தேடாத புதிய குறிகள் உருவாகும். ஆகவே குறிகளைக் கேப்ஷனின் முடிவில் தனி வரியில் வைத்து, வாக்கியத்துக்குள் சொற்களை இயல்பாக எழுதுங்கள். இடைக்கோடு வந்த இடத்தில் குறி அறுந்துவிடும். #80-ஆம்எண்நூல் என்று எழுதினால் மீதிப் பகுதி வெறும் எழுத்தாகிவிடும். எழுதி முடித்ததும் குறி முழுவதும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவிடுங்கள்.

இன்னொன்று முதல் வரியைப் பற்றியது. கேப்ஷனில் தொடக்கத்து ஓரிரண்டு வரிகள்தான் விரிக்காமல் தெரியும்; முழுக் கேப்ஷனுக்கும் 2,200 எழுத்துக்குறிகள் எல்லை. தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் "கைத்தறி" என்ற நான்கு எழுத்துச் சொல் ஏழு எழுத்துக்குறிகளாகக் கணக்காகும். ஆங்கிலக் கேப்ஷனைப் பார்த்து நீளத்தைத் தீர்மானித்தால் தமிழில் முக்கியச் செய்தி விரித்தால் மட்டுமே தெரியும் பகுதிக்குப் போய்விடும். அதனால்தான் மேலே எழுதிய கேப்ஷன்கள் பெரும்பாலானவற்றில் வாங்கியவர் கண்ணால் காணப்போகும் ஒன்றை, நீர் சிவக்கும், விறைப்பாக இருக்கும், துளை தெரியும் என்று, முதல் வரியிலேயே வைத்தேன். "எங்கள் பாரம்பரியம் மிக்க நெசவாளர்களின்" என்று தொடங்கும் வரி அந்த இடத்தை வீணாக்கிவிடும்.

சேலை வந்த பாவு தீர்ந்து அடுத்த பாவு இறங்கும்போது, நிறம் ஒன்றாகவே இருந்தாலும் சாயத் தொட்டி வேறு. துண்டைத் துவைக்காமல் பழைய கேப்ஷனை மறுபடி போட வேண்டாம். பாவுக்கு ஒரு எண் கொடுத்து, அதைக் கேப்ஷனின் கடைசி வாக்கியத்திலும் துணியின் சீட்டிலும் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒருவர் "என் சேலை நிறம் விடுகிறது" என்று எழுதும்போது, அது எந்தச் சாயம், உங்கள் துண்டு எத்தனையாம் சலவையில் நின்றது என்று பார்த்துச் சொல்ல முடியும்.